ரேகை வேறு, பணம் வேறு

நான் எழுதியவற்றில் மிக அதிகம் பேர் படித்தது எது என்று யாராவது கேட்டால் கூச்சப்படாமல் சொல்வேன். எங்கள் உரக்கடைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் போஸ்டர். என் கதைப் புத்தகத்தின் பிரதிகளில் பாதி இன்னும் வீட்டு மாடியில்தான் கிடக்கிறது. போஸ்டரை விதைநெல் வாங்க வந்தவர், பூச்சிமருந்து வாங்க வந்தவர், மழைக்கு ஒதுங்கியவர் என்று எல்லாரும் படித்துவிட்டார்கள். சிலர் வாய்விட்டே படித்தார்கள். எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். அதை எழுதிய நாட்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

திருவிடைமருதூரிலிருந்து கிளை பிரிந்து உள்ளே போகும் சாலையில் ஒரு சின்னக் கடைத்தெரு. அதில் எங்கள் கடை. காலையில் என் கணவர் திறப்பார். சமையலை முடித்துவிட்டு நான் போய்க் கல்லாவில் உட்காருவேன். மேஜைமேல் மூன்று இயந்திரங்கள் உண்டு. ஒன்று, யுபிஐ-யில் பணம் வந்தால் தொகையை உரக்கச் சொல்லும் பேசும் பெட்டி. அதன் நெற்றியிலேயே ஸ்கேன் செய்ய வேண்டிய கட்டம் அச்சாகியிருக்கும். இரண்டாவது, வங்கி கார்டு தேய்க்கும் இயந்திரம். மூன்றாவதுதான் எங்கள் குடும்பத்தில் குழப்பம் விளைவித்தது. மானிய விலை உரம் வாங்குகிறவர் ஆதார் எண்ணைச் சொல்லிக் கட்டைவிரல் வைக்க வேண்டிய இயந்திரம் அது. யாருக்கு எத்தனை மூட்டை விற்றோம் என்று அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. பணத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் அது ஒரு சீட்டு அடித்துத் தரும். அந்தச் சீட்டில் தொகை இருக்கும்.

விவசாயியின் கட்டைவிரலை அந்த இயந்திரம் லேசில் ஒப்புக்கொள்ளாது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகையை எங்கே தேடும்? துண்டில் துடைக்கச் சொல்லி, எண்ணெய் வைத்த தலையில் தேய்க்கச் சொல்லி, அந்த விரல் இல்லாவிட்டால் இந்த விரல் என்று பத்து விரலுக்கும் பரீட்சை வைத்த பிறகுதான் பச்சை விளக்கு எரியும். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொடுத்த ஒன்றுக்குப் பணம் போகவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் கிராமத்துக்கு வரும் வங்கி முகவர் இதே மாதிரி ஒரு குட்டி இயந்திரத்தில் விரலை வாங்கிக்கொண்டுதான் நூறுநாள் வேலைச் சம்பளத்தைக் கணக்கிலிருந்து எடுத்துத் தருகிறார். அங்கே விரல் வைத்தால் பணம் வருகிறது. இங்கே விரல் வைத்தால் பணம் போகும். நியாயமான கணக்குத்தான்.

என் கணவரின் பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவரும் அந்தக் கணக்கைத்தான் போட்டார்.

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றாகப் பெயிலானவர்கள். சிநேகிதர் பக்கத்துக் கிராமத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் போடுகிறார். எங்கள் கடை திறந்த அன்று முதல் மூட்டை வாங்கியவர் அவர்தான். கடைக்கு வந்தால் உரம் வாங்க ஐந்து நிமிஷம், ஊர்வம்புக்கு ஒரு மணி நேரம். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சம்பா நடவு முடிந்த சமயம், கடையில் கூட்டம் நெரிந்த ஒரு நாள், அண்ணன் வந்து விரல் வைத்தார். சீட்டை மடித்துப் பையில் வைத்தார். மூட்டைகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பேசும் பெட்டி பேசவில்லையே என்பது என் கணவருக்குக் கொஞ்சம் தாமதமாக உறைத்தது.

அவருக்கு இயல்பாகவே பெரிய குரல். வாசலுக்கு ஓடிப்போய்த் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேய், பணம் குடுக்காம போறியேடா," என்றார்.

டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் வண்டியை நிறுத்தினார். "விரல் வச்சேனே. சீட்டு குடுத்தியே," என்று சொல்லிப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான். முகம் கறுத்துப் போயிற்று. டீக்கடைக்காரரிடம் கைமாற்று வாங்கி, எங்கள் மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் திருட்டுப்பய இல்லடா," என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த தெருக் கடைக்குப் போவதாகக் கேள்விப்பட்டோம்.

என் கணவர் அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதினால் பொய். சாப்பிட்டார். ஆனால் சாப்பிடும்போது பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு போர்டு வைக்கணும்," என்றார்.

"என்ன போர்டு?"

"என்னென்ன வழியில பணம் குடுக்கலாம், போகலைன்னா என்ன செய்யணும்னு. அந்த மிஷின் பணம் எடுக்காதுன்னும் போட்ரணும். இனிமே நான் யாரையும் கூப்பிட்டுக் கேக்குற மாதிரி இருக்கக் கூடாது. நீதான் கதையெல்லாம் எழுதுறியே, எழுதிக் குடு."

கதையெல்லாம் எழுதுறியே என்பதை அவர் பாராட்டாகச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அன்று மத்தியானமே எழுதிவிட்டேன். 'மின்னணுப் பரிவர்த்தனை தோல்வியுறும் பட்சத்தில் வாடிக்கையாளர்கள் பதற்றமின்றிச் செயல்படுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று தொடங்கியது. எனக்கு அது கம்பீரமாகவே பட்டது. மறுநாள் கடைக்கு வந்த ஒரு அம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். நாலு மா நிலத்தை ஒற்றை ஆளாக நின்று விளைய வைக்கிறவர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"யாரு தோத்தா?"

"யாரும் தோக்கலைங்க. பணம் போகலைன்னா…"

"அப்ப பணம் போகலைன்னு எழுது. நீ பயப்படாதேன்னு சொல்லும்போதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் கோபமாக இருந்தது. பிறகு எழுதியது முழுவதையும் கோடு போட்டு அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, பணம் போகவில்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்று. போகாமல் இருப்பதில் பல தினுசு. திரையில் சிவப்பாக வந்து, கணக்கிலும் கழியவில்லை என்றால் கவலை இல்லை. மறுபடி அனுப்பலாம், அல்லது ரொக்கமாகத் தரலாம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து. அவசரக்குடுக்கைகள் உடனே இன்னொரு தடவை அனுப்புவார்கள். சாவகாசமாக இரண்டும் வந்து சேரும். மூன்றாவது தினுசு, அவர்கள் கணக்கில் கழிந்து, எங்களுக்கு வராமல், நடுவில் எங்கேயோ நிற்பது. பெரும்பாலும் அது சில நாட்களில் தானாகவே அவர்கள் கணக்குக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லி, பணம் அனுப்பிய செயலியிலோ அவர்கள் வங்கியிலோ புகார் செய்ய வேண்டும். இதையெல்லாம் கடைக்குக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போய் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அங்கே இருந்த பெண், "போஸ்டருக்காங்க இவ்வளவு கேக்குறீங்க?" என்றாள். எழுதிப் பார்த்தால் தெரியும் மகளே என்று நினைத்துக்கொண்டேன்.

வரிசையும் தப்பாக இருந்தது. நாங்கள் எப்போதும் முதலில் விரல், பிறகு பணம் என்றுதான் வைத்திருந்தோம். விரல் வைத்த பிறகு பணம் போகவில்லை என்றால் இயந்திரத்தின் கணக்கில் மூட்டை விற்றுப் போயிருக்கும், கிடங்கில் மூட்டை குந்திக்கொண்டிருக்கும். வேளாண்மை அதிகாரி வந்து எண்ணினால் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பணம் முதலில், அது வந்த பிறகு ரேகை என்று மாற்றினோம். ஒரு போஸ்டர் எழுதப் போய்க் கடையின் நடைமுறையையே திருத்த வேண்டி வந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது என் கணவர் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். கடைசியில் இதையும் சேர்க்க வேண்டுமாம். 'பணம் வரவில்லை என்று நாங்கள் கேட்டால் தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள்மேல் எங்களுக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. சத்தமாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும். எங்கள் குரலே அப்படித்தான்.'

"இது என்னங்க? போஸ்டர்ல போய் யாராவது குரலைப் பத்தி எழுதுவாங்களா?"

"இருந்துட்டுப் போகட்டுமே."

"வேணாம். வளவளன்னு இருக்கு."

"அதை மட்டும் எடுக்காதம்மா," என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் நான் வாடிக்கையாளர்களுக்குப் போஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் ஒரே ஒரு ஆளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நேரில் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். போனால் அவன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான், அதையும் நாலு பேர் பார்ப்பார்கள் என்றார். ஊருக்கே கேட்கும்படி கத்தத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு ஆளிடம் மெதுவாகப் பேசத் தெரியவில்லை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டினேன். குரலை வெட்டினேன். மன்னிப்பை வெட்டினேன். கடைசியில் நின்றது இது: 'பணம் வரவில்லை என்று நாங்கள் சொன்னால், அது இயந்திரத்தைப் பற்றி. உங்களைப் பற்றி அல்ல.'

அவர் மூன்று தடவை படித்தார். "இதுல மன்னிப்பு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

அச்சடிக்கக் கும்பகோணம் போனோம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் முழுவதையும் படித்துவிட்டு, "சாரோட போட்டோ எங்கேங்க?" என்றார். போட்டோ வேண்டாம் என்றோம். "போட்டோ இல்லாம எப்படிங்க? கும்பிட்ட மாதிரி ஒண்ணு போட்ரலாம். பின்னால நெல்லு வயலு, மேல கலசம்."

"கும்பிட்டுக்கிட்டு இருந்தா திறப்பு விழா, சும்மா பாத்துக்கிட்டு இருந்தா கண்ணீர் அஞ்சலி. எங்களுக்கு ரெண்டும் வேணாம்," என்றேன். என் கணவர் மட்டும் கும்பிடுகிற படம் என்றதும் கொஞ்சம் யோசித்தார். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அப்படியும் அந்த ஆள் மூலையில் ஒரு தாமரையைச் சேர்த்துவிட்டார். உரக்கடைக்குத் தாமரை எதற்கு என்று கேட்டால், இலவசம் என்றார். எந்தக் கட்சிக்காரர் கண்ணிலும் படுவதற்கு முன்னால் அதை அழிக்கச் சொல்லி வேறு அச்சடித்து வாங்கினோம்.

முடிவில் மேஜைக்கு மேலே இப்படித் தொங்கியது:

*ரொக்கம், யுபிஐ, வங்கி கார்டு மூன்றும் வாங்குகிறோம்.*

*ஸ்கேன் செய்ததும் எங்கள் கடைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். தொகையைச் சரிபாருங்கள். பிறகு ரகசிய எண் போடுங்கள். அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். எங்களிடமும்தான்.*

*விரல் வைக்கும் இயந்திரம் உரக் கணக்குக்கு மட்டும். அது பணம் எடுக்காது. முதலில் பணம். அது வந்த பிறகு ரேகை.*

*பணம் போகவில்லை என்று காட்டினால்: கணக்கில் கழிந்ததா என்று பாருங்கள். கழியவில்லை என்றால் மறுபடி அனுப்பலாம், ரொக்கமும் தரலாம்.*

*சுற்றிக்கொண்டே இருந்தால்: உடனே இன்னொரு முறை அனுப்பாதீர்கள். கொஞ்சம் உட்காருங்கள்.*

*கழிந்தும் எங்களுக்கு வரவில்லை என்றால்: பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் உங்கள் கணக்குக்கே திரும்பும். திரும்பாவிட்டால் அதே செயலியிலோ உங்கள் வங்கியிலோ புகார் செய்யுங்கள். அதுவரை மூட்டையை எடுத்து வைத்திருப்போம்.*

*பணம் வரவில்லை என்று நாங்கள் சொன்னால், அது இயந்திரத்தைப் பற்றி. உங்களைப் பற்றி அல்ல.*

ஊரே படித்தது. படிக்க வேண்டியவர் மட்டும் வரவில்லை. என் கணவர் மொபெட் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார். இந்தத் தெருவில் மொபெட்டுக்கா பஞ்சம்? நாள் முழுக்கத் தூக்கித் தூக்கி இறக்கினார்.

பயிருக்கு இரண்டாம் மேலுரம் போடும் பருவம் வந்தது. எங்கும் யூரியா தட்டுப்பாடு. அடுத்த தெருக் கடையில் இருப்பு இல்லை; எங்களுக்கு ஒரு லோடு வந்திருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் வந்தார். செருப்பை வாசலில் விட்டார். வழக்கமாக விட மாட்டார், சேற்றோடு உள்ளே வந்து என்னிடம் திட்டு வாங்குவார். இன்றைக்கு விருந்தாளி மாதிரி விட்டார்.

"யூரியா மூணு மூட்டை," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

என் கணவர் இல்லாத வேலையைத் தேடிப் பிடித்து விதைப் பாக்கெட்டுகளை அடுக்கத் தொடங்கினார். அண்ணன் போஸ்டரைப் பார்த்தார். நின்று நிதானமாக முழுவதையும் படித்தார். விரல் வைக்கும் இயந்திரம் பற்றிய இடம் வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"விரல் வச்சா பணம் போயிடும்னு எவனோ ஒரு மடையன் நெனச்சிருப்பான் போல," என்றார்.

"ஒருத்தர் இல்லண்ணே. போர்டு வச்ச பிறகுதான் ஒவ்வொருத்தரா சொல்றாங்க. நாலஞ்சு பேரு அப்படித்தான் நெனச்சிருக்காங்க," என்றேன். அது நிஜம்.

"நெனச்சவன்லாம் மாட்டலை," என்றார் அவர். கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். கைபேசியை எடுத்து ஸ்கேன் செய்து, கடைப் பெயரைப் பார்த்து, தொகையைப் பார்த்து, போஸ்டரில் உள்ளபடியே எண்ணைப் போட்டார். என் போஸ்டருக்கு இப்படி ஒரு மாணவர் இனிமேல் கிடைக்க மாட்டார்.

பேசும் பெட்டி பேசவில்லை.

வட்டம் சுற்றியது. நாங்கள் மூவரும் அந்தப் பெட்டியையே பார்த்தோம். வேண்டாத வேளையில் எல்லாம் வாய் ஓயாது பேசுகிற பெட்டி அது. காலையில்கூட முன்தினம் வந்த பணத்தை எல்லாம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணனின் கைபேசி கிண் என்றது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: பணம் கழிந்துவிட்டது. எங்கள் கைபேசியில் கடைக்கணக்கைத் திறந்து பார்த்தேன். வரவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்தான். போஸ்டரில் எவ்வளவு அழகாக எழுதினாலும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதுவதற்குப் பேனா போதும். சொல்வதற்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

"பணம் வரலை, அதானே?" என்று அண்ணனே சொன்னார். முகம் மறுபடி கறுத்தது. "உக்காரணும்னு போட்ருக்கு," என்று சொல்லிவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

என் கணவரும் எதிர் மூட்டையில் உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்தார்கள். பெட்டி மௌனவிரதம்.

"வயல்ல தண்ணிய வடிச்சிட்டேன்," என்று அண்ணன் பெட்டியிடம் சொல்வது போலச் சொன்னார். "ஆளு வரப்புல நிக்கிது. இன்னிக்கு உரம் விட்டாத்தான் நாளைக்குத் தண்ணி கட்டலாம். நாளையத் தவற விட்டா வாய்க்காத் தண்ணி முறை அடுத்தவனுக்குப் போயிடும்."

"எடுத்துக்கிட்டுப் போடா," என்றார் என் கணவர். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. ஆச்சரியம், குரல் மெதுவாக வந்தது.

"வேணாம். ஒரு தடவை போதும். நீ எடுத்து வை. வீட்டுக்குப் போயி யாருகிட்டயாவது ரொக்கமா பெரட்டிக்கிட்டு வர்றேன்."

"இருட்டிடும்டா."

"இருட்டட்டும். மறுபடியும் நடுத்தெருவுல நின்னு பேரு கெட மாட்டேன்." எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார்.

என் கணவர் மேஜைக்கு வந்தார். விரல் வைக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போனார். டீக்கடையில் அன்றைக்கு நின்றவர்கள் இன்றைக்கும் நின்றார்கள். அவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

"விரலை வை," என்றார்.

"பணம் வந்த பிறகுதான் ரேகைன்னு எழுதியிருக்கு."

"எழுதினது அவ. நீ வை."

"வேணாம்டா, அது முறையில்ல."

அப்போது என் கணவர் தம்முடைய பழைய குரலை எடுத்தார். தெருக்கோடிவரைக்கும் கேட்டிருக்கும்.

"ரேகை இல்லாம மூட்டை போனா அதிகாரி கேப்பாருடா. பணம் இல்லாம போனா என் பொண்டாட்டி மட்டுந்தான் கேப்பா."

டீக்கடையில் சிரித்தார்கள். அண்ணன் அவர்களைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, கல்லாவில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். கட்டைவிரலைத் தலைமுடியில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே, நான் கேட்பேனா என்று பார்த்தார்.

நான் கேட்கவில்லை.